நூறு கிராமில் எத்தனை கலோரி: பின் பார்வதி கணவாய்க்கு ஒன்பது நாள் சாப்பாட்டுக் கணக்கு

இமாசலப் பிரதேசத்தில் பார்வதிப் பள்ளத்தாக்கின் பர்ஷேணியிலிருந்து 5,319 மீட்டர் உயரமுள்ள பின் பார்வதி கணவாயைக் கடந்து ஸ்பிதிப் பக்கத்து மூத் கிராமத்தில் இறங்குவதற்கு, நிதானமாக நடந்தால் ஒன்பது நாள் ஆகும். முதல் நாள் வழியில் வரும் நக்தான் கிராமத்தையும் கீர்கங்காவையும் தாண்டிவிட்டால் மூத் வரும்வரை கடை கிடையாது, ஊரும் கிடையாது. அரிசி தீர்ந்துபோனால் யாரிடமும் வாங்க முடியாது. கணவாயின் பனியாற்றில் வெடிப்புகள் இருப்பதால் கயிறும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாத பாதை இது. ஆனால் வழிகாட்டி வந்தாலும், ஒவ்வொருவரின் சாப்பாடும் யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். சாப்பாட்டை எடை போட்டுக் கணக்கிட வேண்டிய கட்டாயம் இங்கே தெளிவாகத் தெரிவதால், இந்தக் கட்டுரை இந்த ஒரு பாதையையே எடுத்துக்கொள்கிறது.

பெரும்பாலானோர் இந்தக் கணக்கைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறார்கள்: ஒரு நாளைக்கு ஒரு கிலோ போதுமா, இரண்டு பாக்கெட் நூடுல்ஸ் போதுமா என்று. உடலிலிருந்து தொடங்குவதுதான் சரி. உடல் எவ்வளவு செலவழிக்கும், அதில் எவ்வளவைச் சாப்பாட்டால் ஈடுகட்ட வேண்டும், அதை எத்தனை கிராமில் அடக்கலாம் என்ற வரிசையில் போக வேண்டும். (அன்றாடப் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரிதான். இங்கும் அதே வழக்கம்.)

உடல் செலவழிப்பது எவ்வளவு

70 கிலோ எடை, 170 செ.மீ. உயரம், 35 வயதுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். சும்மா படுத்திருந்தாலே அவர் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 1,590 கலோரி எரிக்கும், அதாவது மணிக்கு 66. சுமையோடு நடக்கும்போது ஆகும் செலவுக்கு, அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட, பாண்டால்ஃப் சமன்பாடு என்று அழைக்கப்படும் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது:

```
M = 1.5W + 2.0(W+L)(L/W)² + η(W+L)(1.5V² + 0.35VG)
```

இதில் W உடல் எடை, L சுமை, இரண்டும் கிலோவில். V வேகம், நொடிக்கு மீட்டரில். G ஏற்றத்தின் சதவீதம். η என்பது தரை எவ்வளவு சிரமம் தருகிறது என்பதற்கான எண்: தார்ச்சாலைக்கு 1, லேசான புதர் உள்ள பாதைக்கு 1.2. விடை வாட்டில் வரும், அதை 0.86ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கலோரி என்று கிடைக்கும்.

முதுகில் 18 கிலோ, மணிக்கு 2.5 கி.மீ. வேகம் (நொடிக்கு 0.7 மீட்டர்), சராசரி 5 சதவீத ஏற்றம், தரைக்கு 1.2 என்று போட்டால் சுமார் 324 வாட் வருகிறது. மணிக்கு 278 கலோரி. இதே வேகத்தில் ஐந்து மணி நேரம் நடந்தால் 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், ஏற்றம் 600 மீட்டருக்குச் சற்று மேலும் ஆகும். இந்தப் பாதையின் சாதாரண நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நடைக்கு 1,390. ஒன்பது மணி நேரத் தூக்கத்துக்கு மணிக்கு 66 வீதம் 594. கூடாரம் போடுவது, தண்ணீர் எடுப்பது, உட்கார்ந்திருப்பது என்று மீதிப் பத்து மணி நேரத்துக்கு மணிக்கு 100 வீதம் 1,000. கூட்டினால் ஏறக்குறைய 3,000 வருகிறது. குளிரும் உயரமும் உடலின் அடிப்படைச் செலவைக் கூட்டும் என்பதால் பத்து சதவீதம் சேர்த்து 3,300 என்று வைத்துக்கொள்ளலாம்.

கணவாய் நாள் வேறு கணக்கு. பனியில் கால் பத்து செ.மீ. புதைந்தாலே தரைக்கான எண் 2ஐ எட்டிவிடும். அதனால் வேகம் குறைந்தாலும் செலவு குறையாது. சுமை 14 கிலோவாக இறங்கியிருந்தாலும், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 8 சதவீத ஏற்றத்துக்கு மணிக்கு 350 கலோரி ஆகிறது. ஏறவும் இறங்கவும் எட்டு மணி நேரம் என்று வைத்தால் அன்று 4,000 கலோரி போகும். இறக்கத்துக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது. ஏற்றத்துக்குக் குறை எண்ணைப் போட்டால் அபத்தமான விடை வரும். இறங்கும் மணி நேரத்துக்கு 250 என்று கையால் எடுத்துக்கொள்வது போதுமானது.

எட்டு நாள் 3,300, ஒரு நாள் 4,000 என்று மொத்தம் 30,400 கலோரி. இதை முழுவதும் சுமக்க வேண்டியதில்லை. உடல் கொழுப்பு ஒரு கிலோ கரைந்தால் சுமார் 7,700 கலோரி கிடைக்கும். ஒன்பது நாளில் 6,000 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே எடை இறங்கும், ஆரோக்கியமான உடலுக்கு அது பாதகமில்லை. எனவே நாளுக்கு 2,700 முதல் 2,800 கலோரி சுமப்பது நியாயமான இலக்கு. பற்றாக்குறை நாளுக்கு ஆயிரத்தைத் தாண்டினால் நான்காம், ஐந்தாம் நாளில் ஏற்றத்தில் கால் இழுக்கத் தொடங்கும், இரவில் தூங்கும் பைக்குள் உடம்பு சூடாகாது. ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள் இந்த முக்கால் கிலோவையும் நம்பக் கூடாது, அவர்கள் 3,000 சுமப்பது நல்லது.

4 என்ற மதில்

மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்வாட்டர் கணக்கிட்டுச் சொன்ன இந்த எண்களே இன்றும் உணவுப் பொட்டலங்களின் லேபிள்களுக்கு அடிப்படை. இதிலிருந்து ஒன்று உடனே தெரிகிறது. கொழுப்பில்லாத எந்த உலர் உணவும், எப்படிக் காயவைத்தாலும், 4ஐத் தாண்ட முடியாது. அவல், ரவை, அரிசி, துவரம்பருப்பு எல்லாம் நூறு கிராமுக்கு 340 முதல் 360க்குள் நிற்கின்றன, ஏனெனில் காய்ந்த தானியத்திலும் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும், நார்ச்சத்தும் கொஞ்சம் இருக்கும். வெல்லம் 380. பேரீச்சையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், அதனால் 280தான். 4ஐத் தாண்ட வேண்டுமென்றால் கொழுப்பு வேண்டும்: முழுப் பால் பவுடர் 500, கடலைமிட்டாய் 500 பக்கம், எண்ணெயில் பொரித்த நேந்திரம் சிப்ஸ் 520, வேர்க்கடலை 567, கொப்பரை 660, நெய் 900.

சூடாக்கி அப்படியே சாப்பிடும் ஈரப் பொட்டலங்களை, அதாவது ராஜ்மா சாவல், பிசிபேளாபாத் வகையறாக்களை, இந்தப் பாதைக்கு எடுத்துச் செல்வது வீண். 300 கிராம் பொட்டலத்தில் 400 கலோரி இருந்தாலே அதிகம், அதாவது கிராமுக்கு 1.3. மீதி எடை தண்ணீர். பார்வதி ஆறு பக்கத்திலேயே ஓடும்போது அந்தத் தண்ணீரைச் சென்னையிலிருந்து சுமப்பதில் பொருளில்லை. லேபிள் படிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில பொட்டலங்கள் ஒரு வேளைப் பரிமாறலுக்கான எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடும். நூறு கிராமுக்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கிலோஜூலில் இருந்தால் 4.18ஆல் வகுக்க வேண்டும்.

ரவையை எடுத்துக்கொண்டால் கொழுப்பு செய்யும் வேலை நன்றாகப் புரியும். 80 கிராம் ரவையில் 280 கலோரி. அதை 16 கிராம் நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுத்து, 15 கிராம் முந்திரி சேர்த்தால் 111 கிராமில் 509 கலோரி, கிராமுக்கு 4.6. இதே 509 கலோரியை வெறும் ரவையில் எடுக்க 145 கிராம் வேண்டும். ஒரு வேளைக்கு 34 கிராம் மிச்சம். நாள் முழுக்க இப்படிச் செய்து சராசரியை 3.5இலிருந்து 4.4க்கு உயர்த்தினால், எட்டு நாள் சாப்பாட்டில் 1.3 கிலோ குறைகிறது. கூடாரத்தில் தன் பங்குக்கு ஒருவர் சுமக்கும் எடை ஏறக்குறைய அவ்வளவுதான்.

வறுத்த ரவையை நன்றாக ஆறவைத்த பிறகே பையில் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் ஆவி உள்ளேயே நீராகிப் படிந்து மூன்றாம் நாள் பூஞ்சை வரும். வெங்காயம், பச்சைமிளகாய் சேர்க்கக் கூடாது. காய்ந்த மிளகாயும் இஞ்சிப்பொடியும் போதும். எடை போடுவதும் ஆறிய பிறகுதான்.

அடுப்பும் சாப்பாட்டின் எடைதான்

இங்கேதான் லேபிள் கணக்கு தவறான வழியில் இழுத்துப்போகும். அரிசியும் அவலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 என்று ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். 4,070 மீட்டர் அளவில் இருக்கும் மந்தலாய் ஏரிக்கரையில் தண்ணீர் 86, 87 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் அரிசி வேக அரை மணி நேரம் ஆகும். துவரம்பருப்போ ஒரு மணி நேரம் கொதித்தாலும் நடுவில் கடினமாகவே இருக்கும். அடுப்பைச் சிறு தீயில் வைத்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கேஸ் போகும். நூறு கிராம் அரிசிக்கு 35 கிராம் கேஸ் என்றால் உண்மையில் 135 கிராம் சுமந்து 350 கலோரி பெறுகிறோம், கிராமுக்கு 2.6. அவலுக்கு கால் லிட்டர் வெந்நீர் போதும், கேஸ் நான்கைந்து கிராம். அது 3.4இல் நிற்கிறது. லேபிளில் சமமாக இருந்த இரண்டுக்கும் இடையே மலையில் இவ்வளவு தூரம்.

எனவே 'வெந்நீர் ஊற்றி மூடி வை, பத்து நிமிடம் கழித்துச் சாப்பிடு' என்ற வகைக்குள் அடங்குபவற்றை மட்டும் எடுப்பது நல்லது: வறுத்த ரவை, அவல், நூடுல்ஸ், சத்துமாவு, வேகவைத்து அரைத்த பருப்புப்பொடி. அவலில் மெல்லிசு ரகம் ஆறிய தண்ணீரிலேயே ஊறிவிடும், கெட்டி அவலுக்கும் சிவப்பு அவலுக்கும் வெந்நீரும் கூடுதல் நேரமும் வேண்டும். மேல் முகாம்களில் மெல்லிசே உதவும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு பழைய உறையோ கம்பளித் துணியோ சுற்றினால் சூடு தங்கும். இல்லையென்றால் ஐந்தாம் நிமிடத்தில் ஆறிப்போய் ரவை பாதி வெந்து நிற்கும்.

காற்று மறைப்போடு ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்க 12 முதல் 15 கிராம் கேஸ் என்று கணக்கிடலாம். ஒருவருக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் வெந்நீர் என்றால், இருவருக்கு ஒன்பது நாளில் 540 கிராம். கணவாய்க்கு முந்தைய முகாமில் பனியை உருக்கித்தான் தண்ணீர் எடுக்க நேரலாம். ஒரு கிலோ பனி உருக மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும், உருகிய தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இன்னொரு 85. அதாவது செலவு இரட்டிப்பு. அதற்காக 100 கிராம் சேர்த்தால் இருவருக்கும் 230 கிராம் கேன் மூன்று. கேனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புபவர்கள் மணாலியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுப்பின் திருகு கேனுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்ப்பது அவசியம்.

சுமைக்காரரோடு போகும் குழுக்கள் மறந்துவிடுகிற ஒரு கணக்கும் இதோடு சேர்ந்தது. ஒருவர் 20 கிலோ சுமப்பார் என்று வைத்து ஆட்களை எண்ணுகிறார்கள். அவரும் ஒன்பது நாள் சாப்பிட வேண்டும். நாளுக்கு 800 கிராம் அரிசி, பருப்பு, மாவு என்றால் 7.2 கிலோ அவருடைய சொந்தச் சாப்பாட்டுக்கே போய்விடும். எரிபொருளும் சேர்த்தால் குழுவுக்காக அவர் சுமப்பது 12 கிலோ அளவுதான். இதைக் கணக்கில் எடுக்காத குழுக்களில், கடைசி இரண்டு நாள் வயிறு காய்வது பெரும்பாலும் அவருக்குத்தான். அதை ஏற்கவே முடியாது.

ஒரு நாள் பை

வீட்டுத் தராசில் எடை போட்டுக் கட்டிய ஒரு நாள் பை இப்படி இருக்கும். காலையில் மேலே சொன்ன நெய் ரவை, மசாலாவோடு 115 கிராம், 509 கலோரி. கூடவே 20 கிராம் பால் பவுடரும் 20 கிராம் சர்க்கரையும் போட்ட தேநீர், 180 கலோரி. நடக்கும்போது கொறிக்க கடலைமிட்டாய் 100 கிராம், பேரீச்சை 50 கிராம், நேந்திரம் சிப்ஸ் 40 கிராம், மொத்தம் 850 கலோரி. முகாமை அடைந்ததும் சத்துமாவுக் கஞ்சி: மாவு 50, பால் பவுடர் 20, வெல்லம் 15 கிராம், சுமார் 350 கலோரி. இரவுக்கு அவல் 90 கிராம், பருப்புப்பொடி 30, நெய் 15, வறுத்த வேர்க்கடலை 30, எல்லாம் சேர்ந்து 730 கலோரி. படுக்குமுன் ஒரு குவளைப் பால், 140. எடை 627 கிராம், ஆற்றல் ஏறக்குறைய 2,750 கலோரி, கிராமுக்கு 4.4. புரதம் 60 கிராமுக்கு மேல் வந்துவிடும், கொழுப்பிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதல்.

நடக்கும்போது சாப்பிடும் 850 கலோரியை மதிய உணவாக ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிக்கக் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை மொத்தமே 2,000 கலோரிக்குள்தான். நாள் நடையில் அது வேகமாகக் குறையும். மணிக்கு 150 கலோரி வீதம் உள்ளே போய்க்கொண்டிருந்தால் மாலை வரை கால் நிற்கும். கடலைமிட்டாயை வீட்டிலேயே சிறு துண்டாக உடைத்து, இடுப்புப்பட்டைப் பையில் எட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும். உயரக் குளிரில் அது கல்லாக இறுகும். முழுச் சதுரத்தைப் பல்லால் கடித்துப் பல் உடைந்தால் மூத் வரை மருத்துவர் கிடையாது. பேரீச்சையும் இறுகும், காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் உடல்சூட்டில் இளகிவிடும்.

நெய்யைச் சிறுவாய்ப் புட்டியில் எடுத்துச் சென்றால் மேலே அது வெளியே வராது. தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறைந்துவிடும், இந்தப் பாதையில் அதை ஊற்றவே முடியாது. காலை நெய்யை ரவையோடு வறுத்துக் கலந்தாயிற்று. இரவு நெய்யை அகலவாய் டப்பாவில் கரண்டியால் வழிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். பொரி, முறுக்கு போன்றவை கலோரிக் கணக்கில் மோசமில்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும், நொறுங்கும். பை நிரம்பிவிட்டால் எடைக் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை.

எந்த நாளுக்கு எது

எல்லா நாளுக்கும் ஒரே பையைக் கட்டுவது எளிது, ஆனால் இரண்டு காரணங்களால் அது சரியல்ல. முதலாவது, எட்டாம் நாள் சாப்பாட்டின் ஒவ்வொரு கிராமும் எட்டு நாள் முதுகில் இருக்கும். முதல் நாள் மதியச் சாப்பாடு சில மணி நேரம்தான் இருக்கும். அதனால் முதல் நாள் கலோரி/கிராம் பார்க்கவே வேண்டாம். பர்ஷேணியில் காலை வயிறாரச் சாப்பிட்டு, பராத்தாவும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஒன்பதாம் நாள் இரவு மூத்தில் வீட்டுத்தங்கலில் சோறு கிடைக்கும். இந்த இரண்டு நாளும் அரை நாளாகச் சுருங்க, ஒன்பது நாள் நடைக்கு எட்டு நாள் சாப்பாடு போதும்.

இரண்டாவது காரணம் பசி. 4,000 மீட்டருக்கு மேல் பலருக்கு நெய் வாசனையே பிடிக்காது. முந்திரியைப் பார்த்தால் குமட்டும். மேலும், ஒரே அளவு பிராணவாயுவைக் கொண்டு மாவுச்சத்து கொழுப்பைவிட ஆறேழு சதவீதம் கூடுதல் ஆற்றல் தரும். பிராணவாயு குறைந்த இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆகவே துண்டா புஜ், தாக்குர் குவான் என்று 3,600 மீட்டருக்குக் கீழே இருக்கும் முகாம்களில் மேலே சொன்ன பையைச் சாப்பிட்டு, மந்தலாயிலிருந்து கணவாய் தாண்டும்வரை வேறு பைக்கு மாற வேண்டும். அதில் இரவு நெய் கிடையாது. அவலுக்குப் பதில் உப்பும் புளிப்பும் தூக்கலான நூடுல்ஸ் சூப், எலுமிச்சைப்பொடி கலந்த சர்க்கரைத் தண்ணீர், வெல்லம், பிஸ்கட். 650 கிராமில் 2,600 கலோரி, கிராமுக்கு 4 தான் தேறும். எடைக் கணக்கில் இது பின்னடைவு போலத் தெரியும். ஆனால் 4.6 கலோரி உணவைக் கட்டிக்கொண்டு போய்ப் பாதியைச் சாப்பிட முடியாமல் வைத்திருப்பதைவிட, 4 கலோரி உணவை முழுவதும் சாப்பிடுவது உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் கூடுதல். கணவாயைத் தாண்டி உயரம் குறையக் குறையப் பசி வேகமாகத் திரும்பும். எட்டாம், ஒன்பதாம் நாள் பைகளில் வேர்க்கடலை, கொப்பரை, நெய் எல்லாவற்றையும் ஏற்றி 4.7 வரை கொண்டுபோகலாம். நீண்ட நாள் சுமக்கும் பைகளே அடர்த்தி கூடியவையாகவும் அமைந்துவிடுகின்றன.

கட்டி முடித்த கணக்கு இப்படி நிற்கும்: எட்டு நாளுக்கு 5 கிலோ, பை உறைகள் 200 கிராம், அவசரத்துக்கு 400 கிராம், கேஸ் பங்கு கேன் எடையோடு அரை கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் ஆறே கால் கிலோ பக்கம். இதைவிட ஒன்றரை கிலோ கூடினால் எங்கோ தண்ணீரையோ அரிசியையோ சுமக்கிறீர்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏதோ ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது, பைகளைப் பிரித்து மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

வழியில் கணக்குத் தவறினால்

ஒவ்வொரு நாள் பையின்மேலும் நாள் எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் கணக்கைச் சரிபார்ப்பது எளிது. நான்காம் நாள் மாலை, மீந்தவற்றை மட்டும் ஒரு பையில் கொட்டிப் பாருங்கள். இரண்டு கைப்பிடி மீந்திருந்தால் நல்லது. கால் கிலோவுக்கு மேல் மீந்திருந்தால் ஏதோ ஓர் உணவு உள்ளே போகவில்லை, அது எது என்று பார்த்து மேல் நாட்களில் அதைத் தவிர்க்க வேண்டும். இனிப்பே தொடர்ந்து வந்தால் மூன்றாம் நாளிலேயே நாக்கு மறுக்கும். மீந்தது கடலைமிட்டாய் என்றால் காரணம் இதுதான், உப்புக் கடலைக்கு மாறினால் சரியாகும். எதுவுமே மிஞ்சாமல், இரவில் பசியால் விழிப்பு வந்தால் இலக்கு குறைவாகப் போட்டிருக்கிறது என்று பொருள். அப்போது நடை நேரத்தைக் குறைப்பதுதான் உடனே செய்யக்கூடியது.

பசிச் சோர்வையும் உயர நோயையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. ஏற்றத்தில் திடீரென்று கால் வலுவிழந்து, எரிச்சல் வந்து, கை நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு பிடி வெல்லமும் கொடுத்து உட்காரவைத்தால் இருபது நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியாமல், தலைவலியும் குமட்டலும் சேர்ந்திருந்தால் அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. அதற்கு மேலே ஏறக் கூடாது. தலைவலி கூடினால், நடை தள்ளாடினால் கீழே இறங்க வேண்டும். பசியே எடுக்காமல் போவதும் உயர நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம். எனவே ஒருவர் பை தொடர்ந்து மீந்தால், குழுவில் யாராவது அவரிடம் தலைவலி இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

அவசரப் பையில் 200 கிராம் கடலைமிட்டாய், 100 கிராம் வேர்க்கடலையும் முந்திரியும், 50 கிராம் பால் பவுடர், 50 கிராம் சர்க்கரை: 400 கிராமில் 2,000 கலோரி. அடுப்பு வேலை செய்யாவிட்டாலும் குளிர்ந்த தண்ணீரோடு அப்படியே சாப்பிடக்கூடியவை மட்டுமே அதில் இருக்க வேண்டும். கணவாய்க்குக் கீழே பனிமூட்டம் இறங்கி ஒரு நாள் கூடாரத்துக்குள்ளேயே கிடக்க நேர்ந்தால் நடைச் செலவு இல்லை, 2,000 கலோரி போதும். அந்த முடிவைக் கூடாரத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுக்க முடிவதற்குக் காரணம் அந்தப் பைதான். சாப்பாடு இல்லாத குழு மோசமான வானிலையிலும் ஏறத் துணிந்துவிடும். பையின் வாயைச் சிவப்பு நாடாவால் கட்டி முதுகுப்பையின் அடியில் வையுங்கள். கணவாயைத் தாண்டி, பின் ஆற்றின் பள்ளத்தாக்கில் முதல் முகாம் போட்டு, மறுநாள் வானம் தெளிவாக இருந்தால் அதைப் பிரித்துச் சாப்பிடலாம், அதன் பிறகு மூத் ஒன்றரை நாள் தூரம்தான்.